கடனுக்குக் கொடுக்கும் பின்தேதியிட்ட காசோலைகள்: தேதியையும் தொகையையும் தவணையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முழு வழிகாட்டி

மலேசியாவின் தோட்டப்புறத்துச் சிறு நகரங்களில் மளிகைக் கடை, லோரி வாடகை, ஒப்பந்த வேலை என்று தொழில் நடத்துகிறவர்கள் உரிமம் பெற்ற கடன் நிறுவனத்திடம் பணம் வாங்கும்போது, ஒரே நாளில் பன்னிரண்டோ பதினெட்டோ காசோலைகளில் வரும் மாதங்களின் தேதிகளை எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கட்டு கை மாறிய பிறகு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒரு காசோலையில் ஆண்டு தவறியிருந்தால், அது தெரியவருவது வங்கியிலிருந்து பணம் போன பிறகுதான். அல்லது காசோலை திரும்பிய பிறகு. ஆகவே கொடுக்கும் முன்பாக ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள்.

முழு வேலையையும் ஒரே கடனை வைத்துக் காட்டுகிறேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் 10 ஜூன் 2025 அன்று 10,000 ரிங்கிட் கடன் வாங்குகிறார். அடமானம் எதுவும் இல்லை. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், பதினெட்டு மாதத் தவணை. முதல் தவணை 10 ஜூலை 2025. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி.

பத்தாம் தேதியை அவர் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகுதான் கடையின் கடன் நோட்டில் இருக்கும் பாக்கிகள் வந்து சேரும். ஏழாம் தேதி சம்பளம் என்றால் எட்டு, ஒன்பது தேதிகளில் கல்லாவில் பணம் சேரும். பத்தாம் தேதி வங்கியில் இருக்கும். தவணைத் தேதி ஐந்து என்று இருந்தால், கடை எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒவ்வொரு மாதமும் காசோலை திரும்பும் அபாயம் இருக்கிறது. தேதியைப் பேச வேண்டிய நேரம் ஒப்பந்தம் போடும் முன்புதான்.

மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒப்பந்தத்தின் உங்கள் பிரதி. உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் வருகின்றன. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு அவற்றுக்கு உரிமம் வழங்குகிறது. அடமானம் இல்லாத கடனுக்கு ஜே அட்டவணை என்ற படிவத்திலும், அடமானம் உள்ள கடனுக்குக் கே அட்டவணை என்ற படிவத்திலும்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும். கையெழுத்தும் முத்திரைத் தீர்வையும் உள்ள பிரதி, பணம் கொடுக்கப்படும் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும் என்கிறது சட்டம். "பிரதி பிறகு அனுப்புகிறோம், இப்போது காசோலைகளை மட்டும் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்குக் காசோலை கொடுக்க வேண்டாம். எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதே இல்லாத நிலையில் சரிபார்ப்பு நடக்காது. உரிமமே இல்லாத ஆ லோங் கையில் கையெழுத்திட்ட காசோலை எதுவும் போகவே கூடாது. இந்த வழிகாட்டி அவர்களுக்குப் பொருந்தாது.

ஒப்பந்தத்தோடு காசோலைப் புத்தகம், அதன் அடிக்கட்டைகள், கிழமைகள் தெளிவாகத் தெரியும் இரண்டு ஆண்டு நாட்காட்டி, ஒரு வெள்ளைத் தாள் ஆகியவை போதும். இன்னொரு ஆளும் வேண்டும். எழுதியவரே சரிபார்த்தால், தான் எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும்.

கடன் நிறுவனத்தின் பணியாளர் ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுப்பது வழக்கம். நம் கடைக்காரருக்குக் கிடைத்த சீட்டில் "மாதம் 5ஆம் தேதி, 706 ரிங்கிட், 18 காசோலை" என்று இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்ததோ பத்தாம் தேதி. பணியாளர் மற்ற வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதைப் போலவே இதையும் எழுதியிருக்கலாம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சீட்டைப் பார்த்துக் காசோலை எழுதக் கூடாது. சீட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு இருந்தால் நிறுவனத்தைக் கேட்டு, ஒப்பந்தத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.

தவணைத் தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்த ஒப்பந்தத்தில் முதல் தொகை முழுவதற்கும், முழுக் காலத்துக்கும் வட்டி போட்டிருந்தார்கள். 10,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் 1,800. ஒன்றரை ஆண்டுக்கு 2,700. ஆக மொத்தம் 12,700 ரிங்கிட். இதைப் பதினெட்டால் வகுத்தால் 705.555 என்று முடிவில்லாமல் போகிறது.

இங்கேதான் சென் கணக்கு நுழைகிறது. ஒப்பந்தத்தில் தவணை 705.56 ரிங்கிட் என்றும், கடைசித் தவணை 705.48 ரிங்கிட் என்றும் இருந்தது. பதினேழு தவணைகளுக்கு 11,994.52, அதோடு 705.48 சேர்ந்தால் சரியாக 12,700. சீட்டில் எழுதியிருந்த 706ஐப் பதினெட்டால் பெருக்கினால் 12,708 வருகிறது. எட்டு ரிங்கிட் பெரிய தொகை அல்ல. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத எட்டு ரிங்கிட் அது. காசோலைகளின் கூட்டுத்தொகையும் ஒப்பந்தத்தின் மொத்தமும் ஒரு சென் பிசகாமல் ஒத்துப்போனால்தான், பிறகு ஏதாவது தகராறு வரும்போது உங்கள் கணக்கை நேராக எடுத்து வைக்க முடியும்.

அடமானம் இல்லாத கடனுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். அடமானம் உள்ளதற்கு 12. நீங்கள் போட்ட கணக்கு அதைத் தாண்டினாலோ, ஒப்பந்தத்தில் 10,000 என்று எழுதிவிட்டுக் கையில் 9,000 மட்டும் கொடுத்தாலோ, காசோலை எழுதும் கட்டத்துக்கே போக வேண்டாம். கோளாறு ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது காசோலைகள் அதோடு ஒத்துப்போவதால் பயனில்லை.

பட்டியல் முதலில், காசோலை பிறகு

பெரும்பாலோர் காசோலைகளை எழுதி முடித்த பிறகு பட்டியல் போடுகிறார்கள். அப்போது காசோலையில் உள்ள தவறு அப்படியே பட்டியலுக்கும் போய்விடும். ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, காசோலைப் புத்தகத்தைத் திறக்காமலேயே பட்டியலை எழுதுங்கள். தவணை எண், தேதி, கிழமை, தொகை ஆகியவற்றை இப்போது நிரப்ப வேண்டும். காசோலை எண்ணுக்கும், "என்ன ஆனது" என்பதற்கும் இரண்டு கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

| தவணை | தேதி | கிழமை | ரிங்கிட் | காசோலை எண் | என்ன ஆனது |
|---|---|---|---|---|---|
| 1 | 10.07.2025 | வியாழன் | 705.56 | | |
| 2 | 10.08.2025 | ஞாயிறு | 705.56 | | |
| 7 | 10.01.2026 | சனி | 705.56 | | |
| 17 | 10.11.2026 | செவ்வாய் | 705.56 | | |
| 18 | 10.12.2026 | வியாழன் | 705.48 | | |

இங்கே இடம் கருதி ஐந்து வரிகளை மட்டும் காட்டியிருக்கிறேன். உங்கள் தாளில் பதினெட்டும் இருக்க வேண்டும். கிழமை எழுதுவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் கிழமையை எழுத நாட்காட்டியைப் பார்த்தே ஆக வேண்டும்; மாதம் விட்டுப்போவதும் ஒரே மாதம் இரண்டு முறை வருவதும் அங்கேயே பிடிபட்டுவிடும். எந்தத் தவணை விடுமுறையில் விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கடனில் ஆகஸ்ட் 2025, ஜனவரி, மே, அக்டோபர் 2026 ஆகிய நான்கு தவணைகள் சனி அல்லது ஞாயிறில் வருகின்றன. பேராக்கில் அந்த இரு நாள்களும் வார விடுமுறை. கூலிம், சுங்கை பட்டாணி போன்ற கெடா நகரங்களில் இருப்பவர்கள் வெள்ளியையும் சனியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாம் தவணையைப் பாருங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தவணை. தீபாவளிச் சரக்குக்குப் பணம் போட்டு, வாடிக்கையாளர்களுக்குக் கடனுக்கும் சரக்குக் கொடுத்து முடித்திருக்கும் நேரம் அது. பதினேழு மாதங்களுக்கு முன்பே அந்த வரியின் பக்கத்தில் ஒரு குறி போட்டு வைத்தால், அந்த ஆண்டு அக்டோபரிலேயே தொகையைத் தனியாக எடுத்து வைக்கலாம்.

தேதி: மிகுதியான தவறுகள் இங்கேதான்

காசோலைகளைப் பட்டியலைப் பார்த்து எழுதி முடித்த பிறகு, சரிபார்ப்பு தொடங்குகிறது. ஒருவர் பட்டியலைப் படிக்க வேண்டும். மற்றவர் காசோலையைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். முதல் சுற்றில் தேதி மட்டும். தொகையையும் பெயரையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தால் கவனம் சிதறிவிடும்.

கடைக்காரர் பட்டியலைப் படித்தார். மகள் காசோலைகளைப் புரட்டிக்கொண்டு வந்தார். ஆறு வரை சிக்கல் இல்லை.

"ஏழு. ஜனவரி 10, 2026."

"அப்பா, இதில் 2025 என்று இருக்கிறது."

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமர்ந்து எழுதுகிறவரின் கை, ஜனவரி வந்ததும் ஆண்டை மாற்ற மறந்துவிடுகிறது. இந்தத் தவறின் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. மலேசியாவில் ஒரு காசோலை அதில் உள்ள தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லும். 10 ஜனவரி 2025 என்று எழுதிய காசோலை, 10 ஜூன் 2025 அன்று பார்த்தால் பின்தேதியிட்ட காசோலையே அல்ல. அன்றைக்கே வங்கியில் போடக்கூடிய உயிருள்ள காசோலை. ஜூலை 10 வரை செல்லும். கடன் நிறுவனத்தில் யாரோ தேதிப்படி அடுக்கும்போது அது கட்டின் மேலே வந்துவிடும். முதல் தவணைக்கு முன்பே பணம் போய்விடும். அப்படி நடக்காமல், அவர்கள் அதைத் தவணை வரிசைப்படி 2026 ஜனவரியில் போட்டால், காலாவதியான காசோலை என்று வங்கி திருப்பிவிடும். தவணை கட்டாதவராக நீங்கள் நிற்பீர்கள்.

வேறு மாதங்களில் இதே தவறு வேறு விதமாகத் தாக்கும். 2026 செப்டம்பர் காசோலையில் 2025 என்று எழுதியிருந்தால், 2025 செப்டம்பர் 10 அன்று போடக்கூடிய காசோலைகள் இரண்டாகிவிடும். கணக்கில் ஒரு தவணைக்கான பணம் மட்டும் இருந்தால், முதலில் வந்து சேரும் காசோலை பணத்தை எடுத்துக்கொள்ளும், மற்றது திரும்பும். உண்மையான செப்டம்பர் தவணைக் காசோலையே திரும்பியதாகவும் அமையலாம்.

ஆகவே தேதிச் சுற்றில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மாதத்தைப் பெயராகச் சொல்லுங்கள். காசோலையில் உள்ள எண்ணை மற்றவர் மாதப் பெயராக மாற்றிச் சொல்லட்டும். 06க்கும் 08க்கும், 01க்கும் 07க்கும் கையெழுத்தில் உள்ள மயக்கம் அப்போது வெளிப்படும். முடிந்ததும் காசோலைகளைத் தேதி வரிசையில் விசிறி போல விரித்து, தேதிக் கட்டங்கள் மட்டும் தெரியும்படி வைத்து ஒரு பார்வை பாருங்கள். மாதம் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஆண்டு ஒரே ஒரு இடத்தில் மாற வேண்டும். இந்தக் கடனில் ஆறாவது காசோலைக்கும் ஏழாவதுக்கும் நடுவில்தான் அந்த மாற்றம்.

தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, "நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்று கேட்பவர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். கையெழுத்திட்டுக் காலியாகக் கொடுத்த காசோலையை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை நீங்கள் கொடுத்ததாகவே 1949ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படிச் சொல்லவில்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். பின்தேதியிட்டதாலேயே காசோலை செல்லாததாகிவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே தேதியை எழுதிக் கொடுப்பதால் கடன் நிறுவனத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

தொகை: எழுத்தும் எண்ணும்

இரண்டாம் சுற்றில் தொகையைப் பாருங்கள். முதலில் எழுத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும், பிறகு எண்ணை. இந்த வரிசை முக்கியம். எழுத்தும் எண்ணும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்பது சட்டம். நடைமுறையில், வேறுபாட்டைக் கண்ட வங்கி காசோலையைத் திருப்பிவிடவும் கூடும். இரண்டுமே உங்களுக்கு நட்டம்.

இந்தக் கட்டில் பன்னிரண்டாவது காசோலையில் எண் 705.56 என்று சரியாக இருந்தது. மலாயில் எழுதிய எழுத்தில் "துஜு ராத்துஸ் லிமா" என்று நிற்க வேண்டிய இடத்தில் "துஜு ராத்துஸ் லிமா புலு" என்று வந்துவிட்டது. அதாவது எழுநூற்று ஐம்பது. சென் பகுதியில் ஐம்பத்தாறு வருவதால், பதினொரு முறை எழுதிக் களைத்த கை அந்த "புலு"வை முன்கூட்டியே எழுதிவிட்டது. 705 போன்ற தொகைகளில் இதை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும். எழுதும் வேலையை ஒரே மூச்சில் முடிக்காமல், ஆறு காசோலைக்கு ஒருமுறை எழுந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவது நல்லது.

கடைசிக் காசோலையில் இன்னொன்று அகப்பட்டது. 705.48 இருக்க வேண்டிய இடத்தில் 705.56. எட்டு சென் கூடுதல்தான். கடன் நிறுவனமும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனாலும் கடைக்காரர் அதை மாற்றியே எழுதினார், அது சரியான முடிவு. மொத்தம் 12,700 என்று நிற்கும் பட்டியலில் கேள்விக்கு இடமே இருக்காது.

தவறான காசோலையை அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். இப்போது வங்கிகள் காசோலையின் படத்தை வைத்துத்தான் பரிசீலிக்கின்றன. திருத்தம் உள்ள காசோலை சந்தேகத்தைக் கிளப்பும். மேலும், ஒன்றில் உங்கள் திருத்தம் இருந்தால், பிறகு வேறு யாராவது செய்த திருத்தத்தையும் உங்களுடையது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். பிழையான காசோலையின் குறுக்கே "ரத்து" என்று எழுதி, கையெழுத்துப் பகுதியைக் கிழித்து, மீதியை அடிக்கட்டையோடு இணைத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

பெயர், கோடு, எண்

இது விரைவாக முடியும் வேலை. பெறுநர் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயராகவே இருக்க வேண்டும். முகவரின் பெயரோ "ரொக்கம்" என்பதோ கூடாது. இடது மூலையில் இரண்டு கோடு போட்டு, பெறுநர் கணக்குக்கு மட்டும் என்று எழுதுங்கள். வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்து ஒத்திருக்கட்டும். நிறுவனக் கணக்கு என்றால் முத்திரையும், இரண்டாவது கையெழுத்துத் தேவைப்பட்டால் அதுவும் எல்லாக் காசோலையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு காசோலையின் ஆறு இலக்க எண்ணையும் பட்டியலில் ஏற்றுங்கள். கடைக்காரர் 000452இல் தொடங்கி 000469 வரை எழுதினார். ஏழாவதான 000458, பன்னிரண்டாவதான 000463, கடைசியான 000469 மூன்றும் ரத்தாயின. அவற்றுக்குப் பதில் 000470, 000471, 000472. ஆக, 452இலிருந்து 472 வரை இருபத்தொரு எண்கள், ரத்து மூன்று, கொடுக்கப் போவது பதினெட்டு. இந்தக் கணக்கு நேராக வந்தால், எந்தக் காசோலையும் மேசைக்கு அடியிலோ வேறு கட்டிலோ போகவில்லை என்று பொருள்.

பதினெட்டுக்கு மேல் "பாதுகாப்புக்காக ஒன்று" என்று தொகை எழுதாத காசோலை கேட்டால் அதே பதில்தான்: ஒப்பந்தத்தில் பதினெட்டுத் தவணை, ஆகவே பதினெட்டுக் காசோலை.

ஒப்படைக்கும்போது

காசோலைகள் ஒவ்வொன்றையும் முன்பக்கம் தெளிவாகப் படம் எடுத்துவிடுங்கள். பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து, அதன் அடியில் "மேற்கண்ட எண்களுடைய 18 காசோலைகள், மொத்தம் 12,700 ரிங்கிட், பெற்றுக்கொள்ளப்பட்டன" என்று எழுதி, கடன் நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விடுமுறையில் விழும் நான்கு தேதிகளைக் காட்டி, அந்தக் காசோலைகளை அடுத்த வங்கி நாளில் போட்டால் அது தாமதமாகக் கொள்ளப்படாது என்ற ஒரு வரியையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் இதற்கு முகம் சுளிக்காது.

மாதந்தோறும்

தவணைத் தேதிக்கு முந்திய வங்கி நாளில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். 705.56 மட்டும் வைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2015இல் வந்த 50 சென் காசோலைக் கட்டணமும், முத்திரைத் தீர்வை போன்ற சிறு பிடித்தங்களும் உண்டு. வேறு காசோலைகளும் அதே கணக்கில் ஓடினால் மீதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பணமின்றி மூன்று காசோலைகள் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பினால் நடப்புக் கணக்கை மூட வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. கடன் நிறுவனத்துக்கு எழுதியது மட்டும் இதில் சேரும் என்றில்லை. அரிசி மொத்த வியாபாரிக்கு எழுதியதும் சேரும்.

வங்கி அறிக்கை வந்ததும், காசோலை எண்ணையும் தொகையையும் பட்டியலோடு ஒப்பிட்டு, கடைசிக் கட்டத்தில் பணம் போன தேதியை எழுதுங்கள். இங்கே மூன்று விஷயங்கள் தென்படலாம். தேதிக்கு முன்பே பணம் போயிருந்தால், வங்கி செலுத்தியிருக்கக் கூடாத காசோலையைச் செலுத்தியிருக்கிறது. நீங்கள் எடுத்து வைத்த படத்தோடு உடனே வங்கியில் புகார் செய்யுங்கள். வரிசை தாண்டி ஒரு எண் போயிருந்தால், நிறுவனம் காசோலைகளைக் கலைத்து வைத்திருக்கிறது. இன்னும் போகாத எண்ணைக் குறித்துக் கேளுங்கள். தேதி கடந்தும் பணம் போகாமல் இருந்தால், அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிடாதீர்கள். காசோலை ஆறு மாதம் வரை எந்த நாளும் வரலாம்.

ரொக்கமாகக் கட்டிய மாதம்

மிகுதியான இழப்பு இங்கேதான் நடக்கிறது. ஐந்தாம் தவணை, நவம்பர் 2025. கடையில் பணம் குறைவு. கடைக்காரர் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லிக் காசோலையை நிறுத்தி வைக்கச் செய்து, 22ஆம் தேதி ரொக்கமாகக் கட்டுகிறார். ரசீதும் வாங்குகிறார். ஆனால் 000456 என்ற காசோலை இன்னும் நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. அடுத்த மாதம் வேறொரு பணியாளர் கோப்பைத் திறந்து, தேதி கடந்த காசோலையைக் கண்டு, டிசம்பர் காசோலையோடு சேர்த்து வங்கியில் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தவணைக்கு இருமுறை பணம் போகும். அல்லது டிசம்பர் காசோலை திரும்பும்.

ஆகவே ரொக்கம் கொடுக்கும் முன் காசோலை உங்கள் கையில் இருக்க வேண்டும். "காசோலை தலைமை அலுவலகத்தில் இருக்கிறது" என்றால், ரசீதில் காசோலை எண்ணை எழுதி, "இந்தக் காசோலைக்குப் பதிலாக ரொக்கம் பெறப்பட்டது" என்று கையெழுத்து வாங்குங்கள். பிறகு உங்கள் வங்கிக்குப் போய் அந்த எண்ணுக்குப் பணம் செலுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் அறிவியுங்கள். அதற்கு வங்கி கட்டணம் வாங்கும். இருமுறை தவணை போவதைவிட அது குறைவுதான்.

தாமதக் கட்டணத்தையும் நீங்களே கணக்கிட வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் நிலுவைத் தவணையின் மீது ஆண்டுக்கு 8 சதவீதம் தனி வட்டி, நாள் கணக்கில், வாங்கலாம். 705.56 ரிங்கிட்டுக்குப் பன்னிரண்டு நாள்:

```
705.56 × 8/100 × 12/365 = 1.86
```

ஒரு ரிங்கிட் 86 சென். ஐம்பது, நூறு என்று கேட்டால், எந்த விதிப்படி என்று கேட்டு, கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அமைச்சில் புகார் செய்யலாம்.

கடனை முன்கூட்டி முடித்தால், அல்லது முடிந்த பிறகு

இடையிலேயே முழுத் தொகையையும் கட்டி முடிப்பவர்கள், பணம் கொடுக்கும் அதே மேசையில் மீதிக் காசோலைகளை எண்ணி வாங்க வேண்டும். எத்தனை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்துத் தவணை போயிருந்தால் எட்டுக் காசோலைகள் திரும்பி வர வேண்டும்: 000462, 000471, பிறகு 000464 முதல் 000468 வரை, கடைசியாக 000472. பன்னிரண்டாவதும் பதினெட்டாவதும் மாற்றி எழுதியவை என்பதால் வரிசை இப்படிக் குதித்து நிற்கிறது. பட்டியல் கையில் இல்லாதவர் 463ஐயும் 469ஐயும் தேடிக்கொண்டிருப்பார்; 471ஐயும் 472ஐயும் கேட்க மறந்துவிடுவார்.

ஏதாவது ஒன்று தொலைந்துவிட்டது என்றால், நிறுவனத்திடம் எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே வங்கியில் அந்த எண்ணை நிறுத்துங்கள். பட்டியலையும் காசோலைப் படங்களையும் கடைசித் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்தக் கடனில் 000472இன் தேதி 10 டிசம்பர் 2026; அது கைக்கு வராமல் போயிருந்தால் 10 ஜூன் 2027 வரை வங்கி அறிக்கையில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.